கூடுதல் டைல்ஸும் மாற்றிய குழாய் பாயிண்டுகளும்: சத்துவாச்சாரி வீட்டு பில் பற்றிய விளக்கம்

"ஐயா, ஒப்பந்தத் தொகைக்கு மேல் 40,030 ரூபாய் கேட்டு நீங்கள் அனுப்பிய கூடுதல் பில் கிடைத்தது. குளியலறை டைல்ஸை மேல்தளம் வரை உயர்த்தச் சொன்னது நான்தான். ஆனால் நானே டேப் பிடித்துக் கணக்கிட்டபோது 136 சதுர அடிதான் வந்தது. ஒரு பெட்டிக்குப் பத்து சதுர அடி என்றால் 14 பெட்டி போதும். பில்லில் 17 பெட்டி இருக்கிறது. கூடுதலாக ஒரு கீசருக்குத்தான் வசதி கேட்டோம். மூன்று பாயிண்ட் என்று போட்டிருக்கிறீர்கள். வாஷ் பேசினை எதிர்ச் சுவருக்கு மாற்றும்போது 'பெரிய செலவு ஒன்றும் ஆகாதும்மா' என்று உங்கள் பிளம்பர் சொன்னார். அதற்கு 6,500 ரூபாய் வந்திருக்கிறது. நான் ஓய்வு பெற்ற ஆசிரியை. கொடுக்க மாட்டேன் என்று சொல்லவில்லை, கணக்குப் புரிந்தால் கொடுக்கிறேன்."

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று மாலையே அளவுக் குறிப்பேட்டையும் கடை ரசீதுகளையும் எடுத்து வைத்துக்கொண்டு, பில்லை முதல் வரியிலிருந்து மறுபடியும் சரிபார்த்தேன். அதில் இரண்டு இடங்களில் நான் தவறு செய்திருக்கிறேன். இன்னொரு தொகையை உங்களிடம் கேட்பது நியாயம் இல்லை என்று இப்போது எனக்கே தோன்றுகிறது. அவற்றை அந்தந்த இடத்தில் சொல்கிறேன். மற்றத் தொகைகள் சரியானவை. அவை எப்படி வந்தன என்பதை, நீங்களே சுவரின் முன் நின்று எண்ணிப் பார்த்துக்கொள்ளும் வகையில் எழுதுகிறேன்.

முதலில் பெட்டிக் கணக்கு. உங்கள் 136 சதுர அடி மிகச் சரியான அளவு. முதல் குளியலறை எட்டடிக்கு ஐந்தேகால் அடி என்பதால் நான்கு சுவர்களும் சேர்ந்து 26½ அடி நீளம். இரண்டாவது ஏழடிக்கு நாலரை அடி என்பதால் 23 அடி நீளம். ஒப்பந்தப்படி ஏழடி உயரம் வரை டைல்ஸ் என் பொறுப்பு. தரையிலிருந்து மேல்தளத்தின் அடிப்பூச்சு வரை 9 அடி 9 அங்குலம் இருப்பதால், நீங்கள் கூடுதலாகக் கேட்ட உயரம் 2 அடி 9 அங்குலம். கதவும் வென்டிலேட்டரும் லிண்டல் மட்டமான ஏழடியோடு முடிந்துவிடுவதால் அதற்கு மேல் கழிக்க எதுவும் இல்லை. ஒட்டுக்கூலியை நான் இந்த 136 சதுர அடிக்குத்தான் போட்டிருக்கிறேன்; சதுர அடிக்கு 35 ரூபாய் வீதம் அது 4,760 ரூபாய்.

டைல்ஸ் வாங்குவதை மட்டும் சதுர அடியை வைத்து முடிவு செய்ய முடியாது. கடையில் 'ஒன்றுக்கு இரண்டு' என்று சொல்லும் டைல்ஸ் உண்மையில் 30 சென்டிமீட்டருக்கு 60 சென்டிமீட்டர். இரண்டடி என்பது 61 சென்டிமீட்டர் ஆகையால் ஒவ்வொரு டைல்ஸும் சொல்லும் அளவைவிடச் சற்றுக் குறைவு. ஐந்து டைல்ஸ் உள்ள ஒரு பெட்டி பத்து சதுர அடியை நிரப்பாது, 9.69 சதுர அடியைத்தான் நிரப்பும். ஒரு துண்டுகூட வீணாகாமல் ஒட்ட முடிந்தாலும் 14 பெட்டி மயிரிழையில் போதாமல் போய்விடும்.

துண்டு வீணாவது எப்படி என்பதை முதல் குளியலறையிலேயே பார்க்கலாம். ஐந்தேகால் அடிச் சுவர் 160 சென்டிமீட்டர். இரு பக்கமும் வரும் அடுத்த சுவர்களின் டைல்ஸ் தடிமனும் ஒட்டுக்கலவையும் நான்கு சென்டிமீட்டரை எடுத்துக்கொள்வதால் கண்ணுக்குத் தெரியும் அகலம் 156. இரண்டு முழு டைல்ஸ் வைத்தால் இடைவெளியும் சேர்ந்து 120 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் வரும். மீதி 35 சென்டிமீட்டருக்கும் சற்று அதிகமாக ஒரு துண்டு வேண்டும். அதை வெட்டியபின் கையில் நிற்பது 24 சென்டிமீட்டர் துண்டு. எதிர்ச் சுவருக்கும் 35 சென்டிமீட்டர் வேண்டும் என்பதால் இந்த 24 அங்கே உதவாது; அதற்கு இன்னொரு முழு டைல்ஸை வெட்டியாக வேண்டும். எனவே இந்த அறையில் ஒரு வரிசைக்கு நீளச் சுவர்களில் நான்கு நான்காக எட்டும், குறுக்குச் சுவர்களில் மூன்று மூன்றாக ஆறும், மொத்தம் 14 டைல்ஸ் செலவாகும். இரண்டாவது அறையில் சுவரின் அளவு நமக்குச் சாதகமாக அமைந்தது. அங்கே ஏழடிச் சுவரிலும் நாலரை அடிச் சுவரிலும் மீதி வரும் துண்டு ஒரு டைல்ஸின் பாதிக்குள் அடங்கிவிட்டதால், ஒரு டைல்ஸை வெட்டி எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டுக்கும் பயன்படுத்தினோம். அதனால் வரிசைக்கு 12 போதுமானதாக இருந்தது.

உயரத்திலும் இதே கதைதான். 2 அடி 9 அங்குலத்தில் இரண்டு முழு வரிசைகள் உட்காரும். மூன்றாவது வரிசை ஏறக்குறைய ஒன்பதரை அங்குலத்துக்கு மட்டும் வேண்டும். அந்த வரிசையில் ஒவ்வொரு டைல்ஸிலும் ஏறக்குறைய இரண்டரை அங்குலப் பட்டையை வெட்டி எறிய வேண்டியிருந்தது. அளவு நாடா அதை ஒன்பதரை அங்குலமாகக் காட்டும், கடைக்காரர் முழு டைல்ஸாகவே விற்பார். ஆக முதல் அறைக்கு மூன்று வரிசையில் 42 டைல்ஸ், இரண்டாவது அறைக்கு 36 டைல்ஸ். இரண்டு அறைகளுக்கும் வெவ்வேறு டிசைன் எடுத்திருப்பதால் ஒன்றின் மீதியை மற்றதில் வைக்க முடியாது. 42-க்கு ஒன்பது பெட்டி, 36-க்கு எட்டுப் பெட்டி, கூட்டினால் 17. நீங்கள் ஏணி போட்டு ஏற வேண்டியதில்லை. கீழே நின்றபடியே ஏழடிக்கு மேலுள்ள ஏதாவது ஒரு வரிசையை எண்ணினால் இந்த 14-உம் 12-உம் தெரியும்; இரண்டாவது அறையில் மட்டும் எதிரெதிர்ச் சுவர்களின் வெட்டுத் துண்டுகள் இரண்டையும் சேர்த்து ஒரு டைல்ஸாக எண்ண வேண்டும். மேல் வரிசை மட்டும் குட்டையாக இருப்பதையும் பார்க்கலாம்.

இதில் ஒரு விஷயத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஏழடி வரைக்கும் முதலில் 35 பெட்டி வாங்கினோம். அதில் ஒவ்வொரு டிசைனிலும் இரண்டிரண்டு டைல்ஸ் மீந்திருந்தன. தொடக்கத்திலேயே மேல்தளம் வரை என்று முடிவாகியிருந்தால், அந்த மீதியும் சேர்ந்து கூடுதலாக 15 பெட்டியோடு வேலை முடிந்திருக்கும். அடுத்த முறை கடைக்குப் போனபோது பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் தொகுதி எண் வேறாக இருந்தது. ஒரே டிசைன், ஒரே பெயர் என்றாலும் சூளையில் வேறு தடவை சுட்ட தொகுதியில் நிறம் இலேசாக மாறும். பழைய இரண்டு டைல்ஸைப் புதிய வரிசைகளின் நடுவில் வைத்தால் டியூப் லைட் வெளிச்சத்தில் அவை தனியாகத் தெரியும் என்பதால் கலக்கவில்லை. ஏழடிக் கோட்டுக்குக் கீழே பழைய தொகுதி, மேலே புதிய தொகுதி என்று பிரித்து ஒட்டச் சொன்னேன். இந்த இரண்டு பெட்டி, அதாவது 1,200 ரூபாய், காலம் தாழ்ந்ததால் வந்த செலவு. உடைந்தது போக மீந்திருக்கும் டைல்ஸ் அனைத்தும் மாடிப்படிக்கு அடியில் தனித்தனியாகக் கட்டி வைத்திருக்கிறது. அவை உங்கள் பொருள். பின்னாளில் குழாய் பழுதுக்காக எங்காவது ஒரு டைல்ஸை உடைக்க நேர்ந்தால் இதே நிறம் கடையில் கிடைக்காது. ஆகவே அவற்றை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

சமையலறையில் மேடைக்கு மேல் இரண்டடி என்று பேசியிருந்ததை நான்கடியாக உயர்த்தச் சொன்னீர்கள். இதை நீங்கள் பூச்சு வேலை நடக்கும்போதே சொல்லிவிட்டதால் டைல்ஸை ஒரே தடவையில் வாங்க முடிந்தது. கூடுதல் மூன்று பெட்டி மட்டுமே ஆனது. ஆனால் கூலியில் என் தவறு இருக்கிறது. 15 அடி நீளத்துக்கு இரண்டடி உயரம் என்று 30 சதுர அடிக்குக் கூலி போட்டிருக்கிறேன். அந்த உயரத்தில் நாலடி அகல ஜன்னல் இருக்கிறது. அதன் 8 சதுர அடியைக் கழிக்க மறந்துவிட்டேன். சரியான அளவு 22 சதுர அடி, கூலி 770 ரூபாய். பில்லில் 280 ரூபாயைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

டைல்ஸ் விலையைப் பற்றி நீங்கள் எழுதவில்லை என்றாலும் பில்லில் ஒரு வரி உங்களைக் குழப்பியிருக்கக்கூடும். ஒப்பந்தத்தில் சுவர் டைல்ஸுக்கு வரி உட்படச் சதுர அடிக்கு 45 ரூபாய் வரை என் கணக்கு. அது பெட்டிக்கு 436 ரூபாய் ஆகிறது. நீங்களும் மருமகளும் வந்து தேர்ந்தெடுத்த டைல்ஸ் வரி உட்படப் பெட்டி 600 ரூபாய். சதுர அடிக்குச் சுமார் 62 ரூபாய். ஒப்பந்தத்துக்கு உட்பட்ட 38 பெட்டிக்கு, அதாவது குளியலறைகளின் 35-க்கும் சமையலறையின் 3-க்கும், வித்தியாசமான 164 ரூபாயை மட்டும்தான் உங்களிடம் கேட்கிறேன். அது 6,232 ரூபாய். ஒப்பந்தத்துக்கு வெளியே வந்த 17-உம் 3-உம் சேர்ந்த 20 பெட்டிக்கு முழு விலை, 12,000 ரூபாய்.

அடுத்தது, 'கொத்தி விட்டது' என்று 1,088 ரூபாயும் ஒட்டுப்பசை ஐந்து மூட்டை என்று 1,900 ரூபாயும் இருக்கும் வரிகள். ஏழடிக்குக் கீழே சுவரை டைல்ஸுக்காகவே சொரசொரப்பாகப் பூசி விட்டிருந்தோம். ஏழடிக்கு மேலே பெயிண்ட் வரும் என்பதால் நைசாகப் பூசி, இரண்டு கை பட்டியும் அடித்துத் தேய்த்து முடித்த பிறகுதான் மேல்தளம் வரை டைல்ஸ் வேண்டும் என்ற முடிவு வந்தது. பட்டியின் மேல் டைல்ஸை ஒட்டினால் பசை பட்டியைத்தான் பிடித்துக்கொள்ளும். பட்டி சுவரை அவ்வளவு பலமாகப் பிடிப்பதில்லை. குளிக்கும்போது எழும் வெந்நீர் ஆவி மேலேதான் போய் நிற்கும். சில ஆண்டுகளில் பட்டியோடு சேர்ந்து டைல்ஸ் பெயர்ந்து தலையில் விழும் ஆபத்து அது. அதனால் பட்டி முழுவதையும் சுரண்டி, பூச்சில் நெருக்கமாகக் கொத்து விட்டு, நனைத்துத் துடைத்த பிறகே ஒட்டினோம். அதற்குச் சதுர அடிக்கு 8 ரூபாய்.

பசை மூட்டை ஐந்து ஆனதற்கும் காரணம் உண்டு. கீழே ஒட்டிய டைல்ஸ், சிமெண்ட் கலவையின் தடிமனால் சுவரிலிருந்து சற்று முன்னே நிற்கிறது. மேலே மெல்லிய பசையில் ஒட்டினால் ஏழடிக் கோட்டில் டைல்ஸ் உள்வாங்கி ஒரு படி போலத் தெரியும், அதில் தூசியும் சேரும். தூக்குக்குண்டு விட்டுப் பார்த்து, இரண்டும் ஒரே மட்டத்தில் வரும்படி பசையைத் தடிமனாக வைக்கச் சொன்னேன். மெல்லியதாகப் பூசினால் 20 கிலோ மூட்டை ஏறக்குறைய ஐம்பது சதுர அடிக்கு வரும். இங்கே 27 சதுர அடிக்குத்தான் வந்தது. ஒட்டு சரியாக இருக்கிறதா என்று பார்க்க விரும்பினால், ஒரு ரூபாய் நாணயத்தால் டைல்ஸின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் தட்டிப் பாருங்கள். கெட்டியான ஓசை வர வேண்டும். எங்காவது பானையைத் தட்டுவது போல வெற்றொலி கேட்டால் அந்த டைல்ஸில் சுண்ணக்கட்டியால் குறி போட்டு வையுங்கள்; நான் காசு வாங்காமல் எடுத்து மறுபடி ஒட்டித் தருவேன்.

இங்கேதான் என் இரண்டாவது தவறு. ஏழடிக்கு மேல் டைல்ஸ் வந்துவிட்டதால் அந்த 136 சதுர அடிக்கு நான் பெயிண்ட் அடிக்கவில்லை. பட்டி ஏற்கெனவே அடித்தாகிவிட்டது, அதைத் திருப்ப முடியாது. ஆனால் அடிக்காத பெயிண்டுக்கு நீங்கள் ஒப்பந்தத்தில் பணம் கொடுத்திருக்கிறீர்கள். பிரைமரும் இரண்டு கை பெயிண்டும் சதுர அடிக்கு 10 ரூபாய் என்று ஒப்பந்த அட்டவணையில் இருக்கிறது. அந்த 1,360 ரூபாயைக் கழித்திருக்க வேண்டும், கழிக்கவில்லை. இப்போது கழித்துவிட்டேன். இவ்விரண்டு திருத்தங்களுக்குப் பிறகு டைல்ஸ் வகையில் 27,030 ரூபாயாக இருந்தது 25,390 ரூபாயாகிறது.

இனி குழாய் வேலை. பாயிண்ட் என்ற சொல்லை நாங்கள் ஒரு பொருளைக் குறிக்கப் பயன்படுத்துவதில்லை. சுவரில் குழாய் வந்து முடிந்து, ஒரு குழாயையோ இணைப்பையோ மாட்டும்படி திறந்து நிற்கும் ஒவ்வொரு வாயும் ஒரு பாயிண்ட். ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தில் இதை எழுதியிருக்கிறோம் என்றாலும், பேசும்போது நான் இன்னும் தெளிவாக எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒப்பந்தத்தில் கீசர் வசதி முதல் குளியலறைக்கு மட்டும். இரண்டாவது அறைக்கும் கேட்டபோது கீசருக்குக் குளிர்ந்த நீர் போக ஒரு வாய், கீசரிலிருந்து வெந்நீர் இறங்க ஒரு வாய், அந்த வெந்நீர் வந்து சேர, வெந்நீரையும் குளிர்நீரையும் கலந்து தரும் வால் மிக்சரின் இடது பக்கத்தில் ஒரு வாய் என்று மூன்று தேவைப்பட்டன. மிக்சரின் வலது பக்கக் குளிர்நீர் வாய் ஒப்பந்தத்தில் ஏற்கெனவே இருந்ததால் அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

குளிர்நீர் பாயிண்ட் 1,100 ரூபாய், வெந்நீர் பாயிண்ட் 1,400 ரூபாய். வெந்நீருக்குச் சாதாரண வெள்ளை பிவிசி குழாய் தாங்காது, சூட்டில் இளகி இணைப்பில் கசியும். ஆகவே சூடு தாங்கும் சிபிவிசி குழாயும், முனையில் பித்தளை மரை வைத்த எல்போவும் போட வேண்டும். ஆக 1,100-உம் இரண்டு 1,400-உம் சேர்ந்து 3,900 ரூபாய். கீசரை இன்னும் மாட்டவில்லை என்பதால் அந்த மூன்று வாய்களும் இப்போது அடைப்பானோடு சுவரில் இருக்கின்றன, நேரிலேயே எண்ணிக்கொள்ளலாம். பின்கட்டில் துணி துவைக்கும் இயந்திரத்துக்கு நீர் வரும் பாயிண்ட் ஒன்று 1,100, கழிவு பாயிண்ட் ஒன்று 1,500, ஆக 2,600. இதில் விளக்க வேறு எதுவும் இல்லை.

வாஷ் பேசின்தான் உங்களுக்கு மனவருத்தம் தந்திருக்கிறது. அது எனக்குப் புரிகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ஒரு பேசினை ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவருக்கு நகர்த்தியது மட்டும்தான். பேசினுக்கு நீர் கொண்டுவருவது எளிது. சுவரில் காடி வெட்டி அரை அங்குலக் குழாயைக் கொண்டுபோனோம். சிரமம் கழிவு நீரில் இருந்தது. பழைய இடத்தில் பேசின், தரையில் கழிவுநீர் இறங்கும் நானி டிராப்புக்கு அருகிலேயே இருந்ததால் கழிவுக்குழாய் ஓரிரு அடியில் முடிந்துவிட்டது. புதிய இடத்திலிருந்து நானி டிராப் ஒன்பது அடி தூரம். கழிவுக்குழாய்க்கு ஓர் அடிக்குக் கால் அங்குலமாவது சரிவு வேண்டும், இல்லாவிட்டால் சோப்பு நுரையும் முடியும் தங்கி அடைத்துக்கொள்ளும். ஒன்பது அடிக்கு இரண்டே கால் அங்குலச் சரிவு. அதைச் சுவருக்குள்ளேயே கொண்டுபோகலாமே என்று நீங்கள் கேட்கலாம்; அந்தச் சுவர் நாலரை அங்குலச் சுவர். ஒன்றரை அங்குலக் குழாய்க்காக அதில் கிடையாக ஒன்பது அடி காடி வெட்டினால் செங்கல்லில் பாதி போய்விடும், சுவரின் பலமே கெட்டுவிடும். எனவே தரைக்குள்தான் போயாக வேண்டும்.

ஆனால் அப்போது தரை எந்த நிலையில் இருந்தது என்பதுதான் செலவைத் தீர்மானித்தது. குளியலறைத் தளம் மற்ற அறைகளைவிடத் தாழ்வாகப் போட்ட பள்ளத் தளம். அதில் நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு அடித்து, நீர் தேக்கிப் பார்த்து, குழாய்கள் பதித்து, செங்கல் ஜல்லி போட்டு நிரப்பி, மேல் பூச்சும் முடிந்திருந்தது. நிரப்புவதற்கு முன் நீங்கள் சொல்லியிருந்தால், வேறு பக்கமாகக் குழாய் போடுவதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதலாகக் கேட்டிருக்க மாட்டேன். நிரப்பிய பிறகு என்பதால் ஒன்பது அடிக்குக் கீற்றாக உடைத்து, ஜல்லியை அள்ளி, குழாய் பதித்து, மறுபடி நிரப்ப வேண்டியிருந்தது. உடைக்கும்போது உளி பட்டு அடியிலுள்ள தடுப்புப் பூச்சு எங்கே கீறியிருக்கும் என்று வெளியே தெரியாது. கீறலை விட்டுவைத்தால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. ஓராண்டு கழித்துப் பக்கத்துப் படுக்கையறைச் சுவரின் அடியில் பெயிண்ட் உப்பி உதிரத் தொடங்கும். நம் பகுதியின் போர் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் வெள்ளையாகப் பூத்தும் விடும். ஆகையால் உடைத்த கீற்றின் அடியிலும் இரு ஓரங்களிலும் பூச்சை மறுபடி அடித்து, நிரப்பிய பிறகு அறையின் தரை முழுவதிலும் சுவரில் ஓரடி உயரம் வரையிலும் இன்னொரு பூச்சு கொடுத்தேன். இரண்டு நாள் தண்ணீர் தேக்கி, மட்டத்தைப் பென்சிலால் குறித்து, வெளிச்சுவரில் ஈரம் படியவில்லை என்பதைப் பார்த்த பிறகே தரை டைல்ஸ் ஒட்ட அனுமதித்தேன்.

இதற்குப் பில்லில் நீர் பாயிண்ட் 1,100, கழிவு பாயிண்ட் 1,500, தடுப்புப் பூச்சுப் பொருள் 1,800, உடைத்து நிரப்பிய கொத்தனார் கூலி 1,000, சித்தாள் கூலி 700, பழைய பாயிண்டை அடைத்துக் காடியைப் பூசியது 400 என்று மொத்தம் 6,500 ரூபாய் இருக்கிறது. பிளம்பரிடம் நேரில் கேட்டேன். அவர் உங்களிடம் அப்படிச் சொன்னதை ஒப்புக்கொண்டார். குழாயின் விலையை மட்டும் மனதில் வைத்துச் சொல்லியிருக்கிறார், தரையை உடைப்பது அவர் வேலை இல்லை என்பதால் அந்தச் செலவு அவர் நினைவுக்கு வரவில்லை. என்றாலும் அவர் என் ஆள். என் ஆள் செலவு இல்லை என்று சொல்லி, அதை நம்பி நீங்கள் சரி என்று சொன்ன பிறகு, உடைக்கத் தொடங்கும் முன் தொகையை எழுதிக் காட்டி உங்கள் கையெழுத்தை வாங்கியிருக்க வேண்டியவன் நான். அன்று வேறொரு கட்டடத்தில் கான்கிரீட் போட்டுக்கொண்டிருந்ததால் வரவில்லை. அது உங்கள் குற்றம் அல்ல. ஆகவே கொத்தனார், சித்தாள் கூலி 1,700 ரூபாயையும் பழைய பாயிண்டை அடைத்த 400 ரூபாயையும் நானே ஏற்றுக்கொள்கிறேன். பொருளுக்கும் புதிய பாயிண்டுகளுக்கும் ஆன 4,400 ரூபாயை மட்டும் தாருங்கள். குழாய் வகையில் 13,000 ரூபாயாக இருந்தது இதனால் 10,900 ரூபாயாகிறது.

டைல்ஸ் வகை 25,390 ரூபாயும் குழாய் வகை 10,900 ரூபாயும் சேர்ந்து திருத்திய கூடுதல் தொகை 36,290 ரூபாய். முன்பு அனுப்பிய பில்லைவிட இது 3,740 ரூபாய் குறைவு. பழைய பில்லைக் கிழித்துவிடுங்கள். திருத்திய பில்லும் இரண்டு தடவைக்குமான கடை ரசீதுகளின் நகலும் இத்துடன் இருக்கின்றன.

இன்னும் இரண்டு வேலை பாக்கி இருக்கிறது: மாடிப்படிக் கைப்பிடிக்குப் பெயிண்ட், பின்கட்டுத் தரை. பின்கட்டில் துவைக்கும் கல் பக்கத்தில் இன்னொரு குழாய் வைத்தால் நன்றாயிருக்கும் என்று போன வாரம் நீங்கள் கொத்தனாரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வேண்டுமென்றால் இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லுங்கள். அங்கே இன்னும் தரை போடவில்லை. இப்போது வைத்தால் 1,100 ரூபாயோடு முடியும், தரை போட்ட பிறகு என்றால் உடைத்துப் பூசும் கூலியும் சேரும். வேண்டும் என்றால் தொகையை எழுதி அனுப்புகிறேன். நீங்கள் கையெழுத்துப் போட்டுத் தந்த பிறகுதான் பிளம்பர் காடி வெட்டுவார்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்கு அளவு நாடாவோடும், மூடுவதற்கு முன் எடுத்த குழாய்ப் படங்களோடும் வீட்டுக்கு வருகிறேன். தங்கள் மகனும் இருந்தால் நல்லது. வரிசைகளை எண்ணி, கீசர் வாய்களைப் பார்த்து, நாணயத்தால் தட்டிப் பார்த்துத் திருப்தி ஆன பிறகு தொகையைக் கொடுத்தால் போதும்.

இப்படிக்கு,
தங்கள் வீட்டின் கட்டட ஒப்பந்ததாரர்,
காட்பாடி